அம்மாவின் கால் வீக்கம், நீர் மாத்திரை: சிங்கப்பூரிலிருந்து ஊர் டாக்டருக்குக் கடிதம் எழுதும் முறை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஊரிலிருந்து அடிக்கடி வரும் சேதி, “அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு, டாக்டர்கிட்ட நீ கேளேன்” என்பது. உடனே கைப்பேசியை எடுத்து, “டாக்டர், அம்மாவுக்குக் கால் ரொம்ப வீங்கியிருக்கிறது, நீர் மாத்திரையைக் கூட்டலாமா?” என்று ஒரு வரி அனுப்புகிறோம். “நேரில் கூட்டிவரச் சொல்லுங்கள்” என்று பதில் வருகிறது. டாக்டருக்கு வேறு வழியில்லை. அந்த ஒரு வரியை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் அம்மாவுக்கே ஆபத்து.

இங்கே ஒரு மருத்துவமனையின் இதய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். என் தோழி ஒருத்தி கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தன் அம்மாவுக்காக எழுதிய கடிதத்தை வைத்து, அப்படி ஒரு கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். அவள் அம்மாவுக்கு வயது 67. மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. தினமும் காலையில் ஃபுருசமைட் என்ற நீர் மாத்திரை 40 மில்லிகிராம் ஒன்று சாப்பிடுகிறார். இதே குடும்பத்து மருந்தான டோர்சமைடும் ஊரில் நிறையப் பேருக்குக் கொடுக்கப்படுகிறது. அம்மா சாப்பிடுவது அதுவானாலும் கடிதம் எழுதும் முறை ஒன்றுதான்.

கடிதம் எழுதக் கூடாத நேரம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவுக்கு மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால், வீட்டில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அப்போது கடிதத்துக்கெல்லாம் நேரமில்லை.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீர் மாத்திரை அதற்கு மருந்தே அல்ல.

முதல் படி: எடை

இதயம் பலவீனமான ஒருவருக்குக் காலில் குழி விழும் அளவுக்கு வீக்கம் தெரிவதற்குள் உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீருக்கு எடை ஒரு கிலோ. அதனால் கால் சொல்வதற்கு முன்பே எடை மெஷின் சொல்லிவிடும். டாக்டர் கடிதத்தில் முதலில் தேடுவதும் இந்த எண்ணைத்தான்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே கனமுள்ள உடுப்பில் எடை பார்க்க வேண்டும். மெஷினைக் கட்டாந்தரையில் வைக்க வேண்டும், பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் எண் மாறும். தோழியின் வீட்டில் அம்மாவுக்கு எண் சரியாகத் தெரியாது என்பதால் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து பார்த்து, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுவார். அங்கே காலை ஆறரை என்றால் இங்கே ஒன்பது. அவள் ஆபீசுக்குள் நுழையும்போது காலண்டரின் படம் வந்துவிடும்.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது இதய நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மெதுவாக ஏறினாலும், ஏறிக்கொண்டே போனால் அதுவும் சேதிதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, வீக்கமே இல்லாத நாளில் இருந்த எடையைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாமல் இன்றைய எடையை மட்டும் சொல்வதில் பயனில்லை.

இரண்டாம் படி: வீக்கத்தை அளப்பது

“ரொம்ப”, “கொஞ்சம்” என்ற சொற்கள் டாக்டருக்கு உதவாது. வீடியோ அழைப்பில் சித்தியை அம்மாவின் காலருகே உட்காரச் சொல்லுங்கள். கணுக்கால் மூட்டுக்கு மேலே, முன்னங்கால் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். குழி விழுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் மேலே, அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று அழுத்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். குழி எங்கே நின்றுபோகிறதோ அதுவே வீக்கத்தின் எல்லை. கணுக்கால் வரையா, முன்னங்கால் பாதி வரையா, முழங்கால் தாண்டியா என்று அதைத்தான் எழுத வேண்டும்.

தையல் டேப் இருந்தால் முழங்காலுக்குக் கீழே 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கால்களின் சுற்றளவையும் எடுங்கள். இரண்டுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முன்பு சொன்ன ரத்தக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் படுத்தே இருக்கும் அம்மாவானால் நீர் காலில் தங்காது, இடுப்புக்குப் பின்னால் தங்கும். அங்கேயும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

அம்மாக்கள் வலியைச் சொல்லமாட்டார்கள், “வீங்கித்தான் இருக்கு, பரவாயில்ல” என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். மெட்டி இறுக்குகிறதா, கொலுசு தடம் பதிக்கிறதா, பாவாடை நாடாவை முன்னைவிடத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறதா? இவற்றுக்கு உண்மையான பதில் வரும். நாடா கேள்வியை விட்டுவிடாதீர்கள். வயிற்றிலும் குடலிலும் நீர் கோத்தால், வாயால் சாப்பிடும் நீர் மாத்திரை உடம்பில் சரியாக உறிஞ்சப்படாது. அப்போது மாத்திரையைக் கூட்டுவதைவிட ஊசியாகப் போடுவது நல்லது என்று டாக்டர் முடிவெடுக்கலாம்.

மூன்றாம் படி: மூச்சு, பிரஷர், சிறுநீர்

இரவில் எத்தனை தலையணை வைக்கிறார், முன்பு எத்தனை, நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரா, கொல்லைப்புறம் வரை நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷரும் நாடித்துடிப்பும் உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு ஒருமுறை பாருங்கள். நின்றதும் பிரஷர் நன்றாக இறங்கினாலோ, தலை சுற்றினாலோ, நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்திருந்தாலோ ரத்தக்குழாய்க்குள் நீர் குறைவாக இருக்கலாம். காலில் வீக்கம் இருக்கும்போதே இப்படி இருக்க முடியும். அந்த நேரத்தில் நீர் மாத்திரையைக் கூட்டினால் கிட்னி அடிவாங்கும். அதனால்தான் காலை மட்டும் பார்த்து யாரும் அளவை மாற்றுவதில்லை.

நான்காம் படி: புதிதாக உள்ளே போனது என்ன

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். வீக்கத்தின் காரணம் பல நேரம் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரைகளை முதலில் பாருங்கள். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திவைப்பவை, நீர் மாத்திரையின் வேலையையும் மழுக்கிவிடும். அதோடு, ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்த அழுத்தம் மூன்று பக்கமும் குறைந்து, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சில நாளிலேயே ரத்தத்தில் ஏறலாம். அம்மா இதை ஒரு மருந்தாகவே நினைக்கமாட்டார். “வேற மாத்திரை எதுவும் சாப்பிடலையே” என்பார். “முட்டிவலிக்கு என்ன போட்டுக்கிட்டீங்க?” என்று கேட்டால்தான் அட்டை வெளியே வரும்.

அடுத்தது அம்லோடிபின். பிரஷருக்கு நிறையப் பேர் சாப்பிடுவது. இதனால் வரும் வீக்கம் இரண்டு கணுக்காலிலும் இருக்கும், சாயங்காலம் கூடும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். எடை அவ்வளவாக ஏறாது, மூச்சும் வாங்காது. இதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. அம்லோடிபினின் அளவைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோதான் வழி, அதை டாக்டர் செய்வார். சுகருக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகளில் பயோகிளிட்டசோன் கலந்திருந்தால் அதுவும் நீரைச் சேர்க்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. அட்டையின் பின்புறத்தைப் படித்தால் தெரியும்.

சாப்பாட்டையும் கேளுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல் எல்லாம் உப்பு என்று நமக்குத் தெரியும். தேக்காவில் வாங்கி நாமே பெட்டியில் வைத்து அனுப்பும் நுரைத்துக் கரையும் வைட்டமின் மாத்திரைகளிலும் சோடியம் அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. தினமும் ஒன்று கரைத்துக் குடித்தால் அதுவும் கணக்கில் வரும்.

வீக்கம் என்றதும் அக்கம்பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், இளநீர் என்று கொடுப்பார்கள். கொடுக்கிறார்கள் என்றால் கடிதத்தில் எழுதுங்கள். ராமிப்ரிலும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு வகை நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே மேலே போகப் பார்க்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. அளவுக்கு மீறிப் போனால் இதயத்துடிப்பின் தாளமே தவறும்.

ஐந்தாம் படி: கடிதம்

தோழி அனுப்பியதை, அடையாளங்களை எடுத்துவிட்டு அவள் அனுமதியோடு தருகிறேன். கைப்பேசியில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம்தான். இதற்கு மேல் நீண்டால் மாலை ஓபி கூட்டத்துக்கு நடுவில் டாக்டரால் படிக்க முடியாது.

> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் உங்கள் நோயாளியின் மகள், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 67. ஜனவரி 20 அன்று நேரில் உங்களிடம் காட்டினோம். நோயாளி எண் சீட்டின் படத்தில் உள்ளது. அம்மா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். சித்தி கூடவே இருக்கிறார்.
>
> கேட்க வந்தது: அம்மாவுக்கு எட்டு நாளில் 2.2 கிலோ கூடி, இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. ஃபுருசமைட் அளவை மாற்ற வேண்டுமா, அல்லது இன்றே நேரில் கூட்டிவர வேண்டுமா?
>
> எடை: வீக்கம் இல்லாதபோது 58 கிலோ. மார்ச் 1 அன்று 58.1, 4 அன்று 58.4, 6 அன்று 59.0, 8 அன்று 59.8, இன்று 9-ஆம் தேதி 60.3.
>
> வீக்கம்: இரண்டு காலிலும், முன்னங்கால் பாதி வரை. அழுத்தினால் குழி விழுகிறது. கெண்டைச்சதைச் சுற்றளவு வலது 33, இடது 33.5 சென்டிமீட்டர். வலியோ சிவப்போ இல்லை. பாவாடை நாடா இறுக்கவில்லை.
>
> மூச்சு: உட்கார்ந்திருக்கும்போது சிரமம் இல்லை. கொல்லைக்குப் போய் வந்தால் நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு தலையணைக்குப் பதில் மூன்று நாளாக இரண்டு வைக்கிறார். இரவில் மூச்சு முட்டி எழவில்லை. நெஞ்சுவலி இல்லை.
>
> இன்று காலை பிரஷர் உட்கார்ந்து 142/84, நின்று 138/82, நாடி 88. போன மாதம் 124/76 இருந்தது. தலைசுற்றல் இல்லை. மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் முன்னைவிடக் குறைவாகப் போவதாகச் சொல்கிறார்.
>
> மாத்திரைகள்: ஃபுருசமைட் 40 காலை 1, ராமிப்ரில் 2.5, மெட்டோப்ரோலால் 25, ஸ்பைரோனோலாக்டோன் 25-இல் பாதி, ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாடின் 40. எதுவும் விடுபடவில்லை, சித்தி எண்ணிப் பார்த்தார்.
>
> புதிதாக: முட்டிவலிக்கு மார்ச் 2 முதல் ஏசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரை காலை, இரவு. கடையில் வாங்கியது. இன்று காலையிலிருந்து கொடுக்கவில்லை. இரண்டு நாளாக ஓர் இளநீர்.
>
> கடைசி ரத்தப் பரிசோதனை ஜனவரி 20: கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.3, சோடியம் 137. மருந்து ஒவ்வாமை இல்லை.
>
> அளவை மாற்றினால் எத்தனை மாத்திரை, எந்த நேரம், எத்தனை நாள், எந்த எடை வந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், ரத்தம் எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டுகிறேன். நீங்கள் சொல்லும் வரை நாங்களாக எதையும் கூட்டமாட்டோம்.
>
> சித்தியின் எண் கீழே உள்ளது. இரவு பத்து மணி வரை என்னையும் அழைக்கலாம்.

கேள்வி மேலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். டாக்டர் மற்றதையெல்லாம் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படிப்பார். “தலைசுற்றல் இல்லை”, “நெஞ்சுவலி இல்லை” என்று இல்லாததையும் எழுதியிருக்கிறாள். எழுதாவிட்டால் அது இல்லை என்று பொருளா, கேட்க மறந்துவிட்டார்களா என்று டாக்டருக்குத் தெரியாது. காரணத்தை அவள் தீர்ப்பாகச் சொல்லவில்லை. தேதிகளை மட்டும் அடுத்தடுத்து வைத்தாள். வலி மாத்திரை 2-ஆம் தேதி, எடை ஏறத் தொடங்கியது 4-ஆம் தேதி என்பது படிக்கிறவர் கண்ணில் தானாகப் படுகிறது.

மருந்துப் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். அட்டைகளைப் பரப்பி வைத்து ஒரே படமாக எடுத்து அதையும் அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம். அதில் எண்களைத் தேடிப்பிடிக்க முடியாது, கேஸ் ஷீட்டிலும் ஒட்ட முடியாது.

அம்மாவின் சம்மதத்தைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி நோயாளியின் சார்பில் குடும்பத்தார் ஆலோசனை கேட்கலாம், ஆனால் பெரியவர் ஒருவருக்காகக் கேட்கும்போது அவருடைய அனுமதியோ உறவுக்கான சான்றோ வேண்டும். அதே டாக்டரை அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. கடைசியாகக் காட்டிய தேதியைக் கடிதத்தின் தலையிலேயே எழுதுவது அதனால்தான். அடுத்தமுறை லீவில் போகும்போது அம்மாவோடு டாக்டரின் அறைக்குள் போய், “இனிமேல் என் மகள் எழுதுவாள்” என்று அம்மா வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள்.

அனுப்பும் நேரமும் முக்கியம். அங்கே மாலை ஐந்து மணிக்கு ஓபி தொடங்கும் என்றால் இங்கே ஏழரை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். அம்மாவை நேரில் வரச் சொன்னால் அன்றே கூட்டிப்போக முடியும்.

ஆறாம் படி: பதில் வந்த பிறகு

தோழிக்கு வந்த பதில் இது: வலி மாத்திரையை அடியோடு நிறுத்தவும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். இளநீர் வேண்டாம். ஃபுருசமைட் 40 காலையில் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, மூன்று நாளைக்கு மட்டும். எடை 58.5-க்கு வந்தால் அதற்கு முன்பே பழையபடி ஒன்று. நாளைக் காலையே கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம் எடுக்கவும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, தலை சுற்றினாலோ, மேல் பிரஷர் 100-க்குக் கீழே போனாலோ மதிய மாத்திரையைக் கொடுக்காமல் அழைக்கவும். நான்காம் நாள் நேரில் வரவும்.

இது அந்த அம்மாவின் எண்களைப் பார்த்து அந்த டாக்டர் சொன்னது. உங்கள் அம்மாவுக்கு இதே அளவு பொருந்தாது, தயவுசெய்து எடுத்துக் கையாளாதீர்கள். இரண்டாவது மாத்திரை இரவில் இல்லாமல் மதியம் வந்ததற்குக் காரணம், இரவில் போட்டால் அம்மா விடிய விடிய எழுந்து பாத்ரூம் போக வேண்டும். இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் நேரத்தைச் சொல்லவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள்.

பதிலைப் படித்ததும் அவள் சித்தியை அழைத்து வாசித்தாள், சித்தியைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். மூன்று நாள் கட்டங்களிலும் “மதியம் 1” என்று காலண்டரில் எழுதச் சொன்னாள். நான்காம் நாள் கட்டத்தில் “மதிய மாத்திரை இல்லை, டாக்டர்” என்று எழுதி வட்டம் போட்டார்கள். கூட்டிய மாத்திரை நிறுத்த மறந்து மாதக்கணக்கில் ஓடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. வீக்கம் வடிந்த பிறகும் அம்மா இரண்டு சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், சோடியமும் பொட்டாசியமும் குறைந்து குழப்பமாகப் பேசுவார், கால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுவார்கள்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4, பொட்டாசியம் 5.2 என்று வந்தது. அறிக்கை கைக்கு வந்த உடனே அனுப்பினாள். அடுத்த பரிசோதனை வரை ஸ்பைரோனோலாக்டோன் பாதி மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். வீக்கத்தைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எடை மறுநாள் 59.7, அதற்கடுத்த நாள் 59.0, மூன்றாம் நாள் 58.4. தலையணை மறுபடி ஒன்றானது. நான்காம் நாள் சித்தி ஆட்டோ வைத்து அம்மாவைக் கூட்டிப்போனார். காலண்டர் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருந்தாள் தோழி. ஒரு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.5. பாதி மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்ன டாக்டர், வலி மாத்திரைகளின் பெயர்களைச் சீட்டின் மேல் எழுதி, அடித்து, “கூடாது” என்று குறித்துக் கொடுத்தார். சித்தி அந்தச் சீட்டைத் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடமும் காட்டிவிட்டு வந்தார்.